ஆஃப் செய்தால் தெரியாத விரிசலை எப்படிப் படம் பிடிப்பது?

கேள்வி: ஆன்லைனில் 43 அங்குல டிவி வாங்கினேன். டெலிவரி ஆகி இரண்டு நாள் கழித்து இன்ஸ்டாலேஷன் ஆள் வந்துதான் பெட்டியைப் பிரித்தார். ஆன் செய்ததும் இடது பக்கம் கோடு கோடாக வந்தது, கீழே மை சிந்தியதுபோல் ஒரு கறுப்புத் திட்டு. ஆஃப் செய்தால் ஒன்றுமே தெரியவில்லை, தடவிப் பார்த்தாலும் வழவழவென்று இருக்கிறது. நான்கு படம் எடுத்து அனுப்பினேன். "படங்கள் தெளிவாக இல்லை, சேதம் உறுதியாகவில்லை" என்று பதில் வந்துவிட்டது. மறுபடி அனுப்ப மூன்று நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அட்டைப்பெட்டி, தெர்மாகோல் எல்லாம் மொட்டைமாடி அறையில் இருக்கிறது. எப்படி எடுத்து அனுப்ப வேண்டும்? — வாசகர், சேலம்

பதில் (காப்பீட்டு இழப்பு மதிப்பீட்டாளர்):

வணக்கம். நீங்கள் இணைத்திருந்த நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் இரண்டிலும் ஃபிளாஷ் போட்டிருக்கிறீர்கள். அந்த வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்பி, நடுவில் வெள்ளை வட்டமாக உட்கார்ந்துவிட்டது. மூன்றாவதில் டியூப் லைட்டும் உங்கள் கட்டம்போட்ட சட்டையும் தெரிகிற அளவுக்குத் திரை தெரியவில்லை. நான்காவதை மிக அருகில் போய் எடுத்ததால் போன் ஃபோகஸ் செய்யவே இல்லை. இதை வைத்து நானும் சேதத்தை உறுதி செய்திருக்க மாட்டேன். ஆனால் சேதம் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாமே ஒரே காரணத்தைத்தான் காட்டுகின்றன.

நாம் தொட்டுப் பார்க்கும் அந்த வழவழப்பான பரப்பு கண்ணாடி அல்ல. இன்றைய எல்.இ.டி. டிவிகள் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கண்ணாடித் தகடு அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. பெட்டி எங்காவது மோதினால் உள்ளே கண்ணாடி விரியும், மேலே படலம் கிழியாமல் அப்படியே இருக்கும். அதனால்தான் விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. கண்ணாடி உடைந்த இடத்தைச் சுற்றி உள்ளிருக்கும் திரவப் படிகம் நிலைகுலைவதால் அந்தக் கறுப்புத் திட்டு வருகிறது. கண்ணாடியின் மேல் ஓடும் நுண்ணிய மின்பாதைகள் விரிசலில் அறுபட்டுப்போவதால், அங்கிருந்து திரையின் விளிம்புவரை கோடுகள் ஓடுகின்றன.

படம் எடுப்பதற்கு முன்னால் இதை இவ்வளவு விளக்குவதற்குக் காரணம் இருக்கிறது. கறுப்புத் திட்டு இல்லாமல், மேலிருந்து கீழே நேர்க்கோடுகள் மட்டும் வந்தால் அது பெரும்பாலும் தயாரிப்புக் கோளாறு. விளிம்பில் ஒட்டியிருக்கும் இணைப்பு விட்டுப்போயிருக்கும், அதை வாரண்டியில் கேட்கலாம். உங்களுடையது விரிசல். விரிசலை வாரண்டி ஏற்காது. "டிஸ்ப்ளே வேலை செய்யவில்லை" என்று மட்டும் புகார் எழுதினால் சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு "உடைப்பு, வாரண்டி கிடையாது" என்று எழுதிப் புகாரை மூடிவிட்டுப் போவார். நீங்கள் கேட்க வேண்டியது வழியில் நேர்ந்த சேதத்துக்கான மாற்றுப்பொருளை அல்லது பணத்தை. அதனால் டிவி உடைந்திருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. எங்கே அடிபட்டது, உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே அடிபட்டதா என்ற இரண்டு கேள்விக்கும் படத்திலேயே பதில் இருக்க வேண்டும். என் மேசைக்கு வரும் கோப்புகளிலும் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

திரையிலிருந்து ஆரம்பிக்கலாம். இரவில் எடுங்கள், அறையில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள். டிவி ஆஃபில் இருக்கட்டும். உங்கள் போன் திரைக்கு நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும், ஃபிளாஷ் வேண்டாம். வீட்டில் இன்னொருவர் வேறொரு போனின் டார்ச்சை எரியவிட்டு, திரையின் ஓரத்தில், திரையை உரசுகிற மாதிரி மிகச் சாய்வாக வெளிச்சத்தை ஓடவிடட்டும். நேராக அடிக்கும் வெளிச்சம் கேமராவுக்கே திரும்பி வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். சாய்வாக வரும் வெளிச்சமோ சமமான பரப்பில் வழுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடும், உடைந்த விளிம்பில் பட்டால் மட்டும் சிதறும். டார்ச்சை மெல்ல மேலும் கீழும் நகர்த்தினால் ஓரிடத்தில் மெல்லிய இழை ஒன்று மின்னும். அதுதான் விரிசல். டார்ச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கறுப்புத் திட்டு இருந்த கீழ்ப் பகுதியில்தான் முதலில் தேட வேண்டும்.

இப்போது ஃபோகஸ் ஒரு தொல்லை. வெறும் கறுப்புப் பரப்பில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் கேமரா தடுமாறும். ஒரு பஸ் டிக்கெட்டையோ துண்டுச் சீட்டையோ அந்த இழைக்குப் பக்கத்தில், திரையை அழுத்தாமல், ஓரம் தொடுகிறாற்போல் பிடித்துக்கொண்டு, போன் திரையில் அந்தச் சீட்டின்மேல் விரலை வைத்து அழுத்தியே இருங்கள். ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். அப்புறம் சீட்டை எடுத்துவிட்டு, போனை அசைக்காமல் படம் எடுங்கள். விரிசலைப் பெரிதாகக் காட்டத் திரையை ஒட்டிப் போக வேண்டாம். ஓர் அடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வைத்தால் போதும். பல போன்களின் முக்கியக் கேமரா மிக நெருக்கமாகப் போனால் மங்கிவிடும். உங்கள் நான்காவது படத்தில் நடந்தது அதுதான். ஸ்டாண்ட் இல்லையென்றால் ஸ்டூல்மேல் புத்தகங்களை அடுக்கி, போனைச் சாய்த்து வைத்து, டைமரில் எடுங்கள். வெளிச்சம் குறைவாக இருக்கும்போது கை சிறிது ஆடினாலும் அந்த இழை கரைந்துவிடும்.

சில டிவிகளில் மேற்படலம் மேட் தன்மையோடு இருக்கும், டார்ச் வெளிச்சம் அதில் புகைபோலப் பரவும். கொஞ்ச நேரம் முயன்றும் இழை சிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், ஆன் செய்து எடுக்கும் படமே அந்த வேலையைச் செய்துவிடும்.

ஆன் செய்த பிறகு முதலில் டிவியின் மெனுவைத் திரையில் வரவழையுங்கள். ஏதோ சேனலோ படமோ ஓடும்போது கோடு தெரிந்தால், "சிக்னல் கோளாறாக இருக்கலாம், செட்டாப் பாக்ஸைப் பாருங்கள்" என்று சொல்லிவிட முடியும். மெனு என்பது டிவியே உருவாக்கும் எழுத்து. அதன் குறுக்கேயும் கோடு ஓடினால் வெளியிலிருந்து வரும் சிக்னலைக் குறை சொல்ல முடியாது. பவர் கேபிளைத் தவிர மற்ற கேபிள்கள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பின்பக்கத்தில் வேறெதுவும் செருகியில்லை என்பதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வெறும் வெள்ளைத் திரை, வெறும் சாம்பல் திரை இரண்டிலும் எடுங்கள். ஏதாவது ஒற்றை நிறப் படத்தைப் பென் டிரைவில் போட்டு ஓட்டினால் போதும். இருட்டறையில் வெள்ளைத் திரையை எடுக்கும்போது, சுற்றிலும் இருக்கும் இருட்டைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், மெல்லிய கோடுகள் வெள்ளையில் கரைந்துபோகும். போன் திரையில் தொட்டதும் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து, வெள்ளை இளஞ்சாம்பலாகும்வரை குறையுங்கள். கோடுகள் கூர்மையாக வரும்.

ஆன் செய்த டிவியைப் படமெடுக்கும்போது, டிவியில் இல்லாத கோடுகளும் படத்தில் வரும். பின்னொளி வேகமாகத் துடிப்பதால் கேமரா பட்டை பட்டையாகப் பதிவு செய்யும். திரையின் புள்ளிகளும் கேமராவின் புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் அலை அலையாகவும் தெரியும். நிறுவனத்தில் இருப்பவர் அதைப் பார்த்துவிட்டு, உண்மையான கோட்டையும் சேர்த்து "கேமரா கோளாறு" என்று ஒதுக்கிவிடுவார். டிவி மெனுவில் பின்னொளியை முழு அளவுக்கு ஏற்றிவிட்டால் துடிப்பு பெரும்பாலும் குறையும். இரண்டடி பின்னால் போய் ஜூம் செய்தால் அலைகளும் அடங்கும். அப்படியும் பட்டை வந்தால் போனை நிமிர்த்தி ஒரு படம், படுக்க வைத்து ஒரு படம் எடுங்கள். போனைத் திருப்பினால் கேமராவால் வந்த பட்டையும் டிவித் திரையின்மேல் திசை மாறிவிடும். பேனலில் இருக்கும் கோடு டிவியின் அதே இடத்தில், அதே திசையில் நிற்கும். இரண்டையும் சேர்த்து அனுப்பினால் வாதத்துக்கு இடமில்லை.

படங்களை எடுக்கும் வரிசை தூரத்திலிருந்து அருகே வரட்டும். முதலில் சுவரும் தரையும் தெரிகிறாற்போல் முழு டிவி. அடுத்தது இடதுபக்கக் கீழ் கால்பாகம், அதில் சட்டத்தின் மூலை கட்டாயம் தெரிய வேண்டும். அப்புறம் விரிசல் தொடங்கும் இடம் மட்டும். மூன்றாவது படத்தை மட்டும் தனியாக அனுப்பினால் அது எந்த டிவி, எந்த மூலை என்று யாருக்கும் தெரியாது. அளவு காட்ட அடி ஸ்கேலைச் சட்டத்தின்மேல் வைத்து எடுங்கள், திரையின்மேல் அழுத்தாதீர்கள். விரிசல் வளர்ந்துவிடும், நாளைக்கு ஆய்வுக்கு வருபவர் பார்ப்பதும் உங்கள் படத்தில் இருப்பதும் வேறாகிவிடும்.

இப்போது மொட்டைமாடிக்குப் போங்கள். உங்களிடம் இருப்பதிலேயே மதிப்புள்ள ஆதாரம் அந்த அறையில்தான் இருக்கிறது. பெட்டியைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தீர்களே, அதற்கு நன்றி. மழைச் சாரல் படாமல் உடனே கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

பெட்டியின் ஆறு பக்கங்களையும் பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரமாக எடுங்கள். முகவரி லேபிள் தனியாக, அதில் ஆர்டர் எண்ணும் டெலிவரி எண்ணும் வாசிக்கிறாற்போல் ஒன்று. பெட்டியில் அதிர்ச்சி காட்டும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் பெட்டியிலும் இருக்காது. இருந்து, அதன் நடுக்குழாய் சிவந்திருந்தால் பெட்டி பலமாக அடிபட்டிருக்கிறது என்று பொருள். பிறகு எட்டு மூலைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். நசுங்கிய மூலை பார்வைக்குத் தப்பினாலும் கைக்குத் தப்பாது. அட்டையில் பள்ளம் இருந்தால் அங்கேயும் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தே எடுங்கள், நிழல் விழுந்தால்தான் பள்ளம் பள்ளமாகத் தெரியும்.

அடுத்து தெர்மாகோல். வீட்டுச் சாமான் மாற்றும்போது உடைந்த ஒரு டிவிக்கு நான் ஆய்வுக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரர் திரையை மட்டும் இருபது கோணத்தில் எடுத்து வைத்திருந்தார். பார்சல்காரரோ, "நாங்கள் இறக்கும்போது நன்றாகத்தான் இருந்தது, மாட்டும்போது இவர்களே உடைத்திருப்பார்கள்" என்று சாதித்தார். பரணில் கிடந்த தெர்மாகோலை இறக்கச் சொன்னேன். கீழ் வலது மூலைத் துண்டு குறுக்கே பிளந்திருந்தது, பிளவின் ஒரு பக்கத்தில் டிவிச் சட்டத்தின் விளிம்பு அழுந்திய தடம். திரையில் விரிசல் தொடங்கியதும் அதே மூலையில். பெட்டியிலும் அதே மூலை நசுங்கியிருந்தது. பெட்டிக்குள் இருக்கும்போது விழுந்தால் மட்டுமே இந்த மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரும். சுவரில் மாட்டும்போது தவறவிட்டால் தெர்மாகோல் உடையாது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

உங்களிடமும் அதையே தேடுங்கள். தெர்மாகோல் துண்டுகளைப் பழையபடி பொருத்துங்கள். கீழ்த் துண்டு எது, இடது எது என்று பெட்டியில் இருக்கும் அம்புக்குறியைப் பார்த்தால் தெரியும். டிவியைச் சுவரில் மாட்டிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மாட்டியிருந்தால் கழற்ற வேண்டாம், பெட்டியை அதன் கீழே அதே திசையில் நிறுத்துங்கள். மாட்டவில்லையென்றால் இரண்டு பேராகப் பிடித்து, சட்டத்தை மட்டும் தொட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். பெட்டியின் எந்த முகம் திரைப்பக்கம் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முகம் மாறினால் இடது வலதாகிவிடும். நசுங்கிய மூலை, பிளந்த தெர்மாகோல், கறுப்புத் திட்டு மூன்றும் ஒரே சட்டகத்துக்குள் வருகிறாற்போல் ஒரு படம் எடுங்கள். மொத்தத்தில் ஒரே ஒரு படம்தான் அனுப்பலாம் என்றால் நான் இதைத்தான் அனுப்பச் சொல்வேன். பெட்டியும் தெர்மாகோலும் முழுசாக இருந்தால், அதையும் உள்ளபடியே எடுத்து அனுப்புங்கள். முன்னரே உடைந்த பேனல் பெட்டிக்குள் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. நசுங்காத மூலையை நசுக்கி எடுக்கும் எண்ணம் யாருக்கும் வர வேண்டாம். புது மடிப்பும் பழைய மடிப்பும் பார்த்ததுமே தெரிந்துவிடும், அத்தோடு உண்மையான சேதமும் செல்லாததாகிவிடும்.

இந்தப் படங்கள் எல்லாம் உங்கள் டிவியைப் பற்றியவைதான் என்று நிறுவ வேண்டும். டிவியின் பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கும், பெட்டியின் பக்கவாட்டிலும் இருக்கும், பில்லிலும் பல நேரங்களில் இருக்கும். மூன்றையும் தனித்தனியே, எழுத்து தெளிவாக எடுங்கள். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பல ஸ்மார்ட் டிவிகளில் Settings போய் About பகுதியைத் திறந்தால் சீரியல் எண் திரையிலேயே வரும். கோடுகள் குறுக்கே ஓட, நடுவில் சீரியல் எண் தெரிய ஒரு படம் எடுத்தால் சேதமும் அடையாளமும் ஒரே படத்தில் வந்துவிடும். பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் உள்ளே காட்டும் எண் வேறாக இருக்கும், அதை அனுப்பினால் குழப்பம்தான் மிஞ்சும்.

கடைசியாக அரை நிமிட வீடியோ ஒன்று. ஸ்டிக்கரிலிருந்து ஆரம்பித்து, நிறுத்தாமல் முன்பக்கம் வந்து, டிவியை ஆன் செய்து, கோடு தெரிந்ததும் பெட்டிக்குப் போய் முடியுங்கள். இடையில் வெட்டக் கூடாது.

இன்ஸ்டாலேஷன் ஆள் வந்த அன்று ஜாப் ஷீட் ஏதாவது எழுதினாரா? பெட்டியை முதலில் பிரித்தவர் அவர்தான். "பெட்டி திறந்தபோதே பேனல் உடைந்திருந்தது" என்று அதில் ஒரு வரி இருந்தால் அதன் படம் உங்கள் எல்லாப் படங்களுக்கும் மேலே வைக்க வேண்டியது. எழுதவில்லையென்றால் அவர் வந்த தேதியும் நேரமும் உங்களுக்கு வந்த எஸ்.எம்.எஸ்.ஸில் இருக்கும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். டெலிவரிக்கும் பெட்டி பிரித்ததற்கும் இடையே இருக்கும் அந்த இரண்டு நாளைத்தான் அவர்கள் கேள்வி கேட்பார்கள். உடைந்தது எந்த நாள் என்பதை எந்தப் படமும் சொல்லாது. அந்த இடைவெளியை நிரப்புவது ஜாப் ஷீட்டும் தெர்மாகோலும்தான்.

எடுத்த படங்களை அப்படியே வைத்திருங்கள். பிரகாசம் கூட்டுவது, ஃபில்டர் போடுவது எதுவும் வேண்டாம். விரிசலைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்ட விரும்பினால் ஒரு நகல் எடுத்து அதில் போடுங்கள், வட்டமில்லாத அசலையும் சேர்த்து அனுப்புங்கள். போன் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் எடுத்த தேதி, நேரம், கேமரா மாடல் எல்லாம் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, அந்த விவரங்களும் போய்விடும். உங்கள் மெல்லிய விரிசல் காணாமல் போகும் இடமும் அதுதான். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால் Document என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், இல்லையென்றால் மின்னஞ்சலில் இணைப்பாக அனுப்புங்கள். மேட்டர் நுகர்வோர் ஆணையம்வரை போனால், 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கப்படலாம். அப்போது எடுத்த போனும் அசல் கோப்பும் கையில் இருப்பது நல்லது. அதுவரை போனை மாற்றினாலும் கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.

படங்களோடு அனுப்பும் கடிதம் சின்னதாக இருக்கட்டும். இப்படி எழுதலாம்: "டெலிவரி தேதி இது. இன்ன தேதியில் உங்கள் இன்ஸ்டாலேஷன் பணியாளர் முன்னிலையில் பெட்டி திறக்கப்பட்டது. பேனலில் கீழ் இடது மூலையில் விரிசல் உள்ளது (படம் 3, 4). அதே மூலையில் பெட்டியும் தெர்மாகோலும் சேதமடைந்துள்ளன (படம் 7, 8). சீரியல் எண் படம் 5-இல் உள்ளது. இது போக்குவரத்தில் நேர்ந்த சேதம். மாற்று டிவி அல்லது முழுத் தொகை கோருகிறேன்." படங்களின் கோப்புப் பெயரையும் 1, 2, 3 என்று அதே வரிசையில் மாற்றிவிடுங்கள். பெயரை மாற்றுவதால் உள்ளே இருக்கும் விவரம் மாறாது. கோபம், வருத்தம் எல்லாம் இதில் வேண்டாம். படிப்பவர் ஒரு நிமிடத்துக்குள் எண்ணைப் பார்த்துப் படத்தைத் திறக்க வேண்டும்.

மூன்று நாள் அவகாசத்தின் கடைசி இரவுவரை காத்திருக்காமல் நாளைக்கே அனுப்பிவிடுங்கள். அத்தோடு, அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் தனியாக ஒரு நகல் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். மறுபடியும் "தெளிவாக இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தால், எந்த எண் படம் எதற்காகப் போதவில்லை என்று எழுத்தில் கேளுங்கள், அந்தப் பதிலோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள்.

மாற்ற ஒப்புக்கொண்டு ஆள் வந்தால், டிவியை ஒப்படைப்பதற்கு முன் இன்னொரு முறை திரையையும் சீரியல் எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிளந்த தெர்மாகோலோடு, அதே பெட்டியில் வைத்துக் கட்டுவதை வீடியோ எடுங்கள். அவர் தரும் பிக்கப் ரசீதில் "பேனல் உடைந்த நிலையில் பெறப்பட்டது" என்று எழுதி வாங்காமல் பெட்டியை வாசல் தாண்ட விடாதீர்கள்.